தீபாவளிக் கூட்டத்துக்கு ஜவுளிக்கடை: ஆளா, சரக்கா, நேரமா?

தீபாவளி நெருங்கும்போது சின்ன, நடுத்தர ஜவுளிக்கடைக்காரர்கள் மூன்று காரியத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கிறது: கூடுதல் சரக்கு, கூடுதல் ஆள், கூடுதல் நேரம். மூன்றையும் தாராளமாகச் செய்யப் பெரிய கடைகளால் முடியும். பஜார் தெருவில் மேலும் கீழுமாக இரண்டு தளம் வைத்து நடத்துபவருக்கு ஒன்றில் போட்ட பணம் இன்னொன்றில் குறையும். அதனால் எதற்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

பல கடைகளில் இந்தத் தேர்வே நடப்பதில்லை. போன வருஷம் எப்படிச் செய்தோமோ அப்படியே என்று இறங்கிவிடுகிறார்கள். ஆனால் தீபாவளி ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வருகிறது, வாங்குகிறவர் கையில் பணம் வருகிற நாளோ அதோடு சேர்ந்து நகர்வதில்லை. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. 2025-இல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. செப்டம்பர் மாதச் சம்பளம் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்த நேரம் அது. போனஸ் வந்த பிறகுதான் பலரும் கடைக்கு வந்திருப்பார்கள். 2026-இல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் மாதச் சம்பளம் 31-ஆம் தேதி, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. சம்பள நாளையும் சேர்த்து, தீபாவளிக்கு முந்தைய நாள் வரை எட்டே நாள். இந்த வருஷ வியாபாரம் அந்த எட்டு நாளுக்குள் நெருக்கியடித்து வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் மூன்று தேர்வையும் எடை போடுகிறேன்.

எண்கள் இல்லாமல் பேசினால் பயன்படாது. அதனால் ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் ஆத்தூர் போன்ற ஒரு ஊர். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிற விவசாயக் குடும்பங்கள், சேகோ ஆலைகளில் வேலை செய்பவர்கள், ஊருக்குள்ளேயே இருக்கும் மாதச் சம்பளக்காரர்கள் ஆகியோர்தான் வாடிக்கையாளர்கள். கடையில் ஒன்பது பேர் நிரந்தரம்: ஏழு பேர் விற்பனையில், ஒருவர் பில்லில், ஒருவர் பேக்கிங்கில். சாதாரண நாளில் 60,000 ரூபாய் விற்கும். தீபாவளிக்கு முந்தைய 30 நாளில் சுமார் 46 லட்சம் எதிர்பார்ப்பு. அதில் 27 லட்சம் கடைசி எட்டு நாளில். மொத்த லாபம் விற்பனையில் 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடை எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

மாதம் முழுக்க நள்ளிரவு வரை, அல்லது கடைசி எட்டு நாள் மட்டும்

நேரத்தை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் இதில்தான் பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எதிர்க்கடைக்காரர் பன்னிரண்டு மணி வரை விளக்கெரித்தால் நாமும் எரிக்க வேண்டும் என்று தோன்றும். அதன் செலவைப் பார்க்கலாம். ஒருவருக்கு மாதம் 15,000 சம்பளம் என்றால் நாளுக்கு 500, மணிக்கு 62 ரூபாய் 50 காசு. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, அதாவது 125. ஒன்பது பேர், இரண்டு மணி நேரம்: 2,250. டீ, டிபன், கரண்ட் எல்லாம் சேர்த்தால் ஒரு இரவுக்கு 3,000 வந்துவிடும். 22 சதவீத லாபத்தில் அதை எடுக்க, அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் சுமார் 13,600 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். கூடுதல் என்பதுதான் முக்கியம். பத்தரை மணிக்கு வந்து வாங்கிய ஊர்க்காரர், கடை பத்துக்கே மூடியிருந்தால் எட்டரைக்கே வந்திருப்பார் என்றால் அது கூடுதல் விற்பனை அல்ல.

இந்த மாதிரி ஊரில் கடை எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதைக் கடைசி பஸ்தான் தீர்மானிக்கிறது. கிராமத்துக் குடும்பம் அந்த பஸ்ஸைப் பிடிக்க ஒன்பது மணிக்கெல்லாம் பையோடு கிளம்பிவிடும். அதற்குப் பிறகு வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டுமே. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் எந்தத் தடத்துக்கு எத்தனை மணிக்குக் கடைசி வண்டி என்று எழுதி எடுங்கள். பிறகு போன வருஷ பில்லிங் கணக்கை மணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பில்லிங் மென்பொருள் எதுவானாலும் ஒவ்வொரு பில்லிலும் நேரம் பதிவாகியிருக்கும். ஒன்பதரைக்கு மேல் பில் சட்டென்று குறைந்தால், மாதம் முழுக்க நள்ளிரவு வரை திறப்பது வீண்.

மாறாக, கடைசி எட்டு நாளில் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறப்பது பலன் தரும். கூட்டத்துக்குப் பயந்து காலையிலேயே வந்துவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் நிதானமாகப் பார்த்து, பட்டுப்புடவை மாதிரி விலை கூடியதை எடுப்பார்கள். இரவில் அவசரத்தில் வருபவர் ஒரு சட்டை, ஒரு லுங்கியோடு போய்விடுவார்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது, நிற்பதும் நியாயம்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஒருவருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேர வேலை. ஓவர்டைமோடு சேர்த்தும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து, வேலை தொடங்கி முடிவது 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வார விடுமுறையும் உண்டு. ஒரே அணியைக் காலை ஒன்பதிலிருந்து இரவு பன்னிரண்டு வரை நிறுத்துவது இதில் எந்தக் கணக்கிலும் அடங்காது. சட்டத்தை விடுங்கள், மூன்றாவது நாளே அந்த ஆள் வாடிக்கையாளரிடம் ‘அந்த கலர் இல்லீங்க’ என்று, தேடிப் பார்க்காமலே சொல்ல ஆரம்பிப்பார். கால் வலிக்கும்போது மேல் ரேக்கில் ஏறி எடுக்க யாருக்கும் மனம் வராது.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஒன்பது பேரை இரண்டாகப் பிரிப்பது. முதல் அணி காலை 9 முதல் இரவு 9 வரை. நடுவில் 12 முதல் 2 வரையும், 4 முதல் 5 வரையும் ஓய்வு. இரண்டாவது அணி 10 முதல் 10 வரை. அவர்களுக்கு 2 முதல் 4 வரையும், 5 முதல் 6 வரையும் ஓய்வு. இருவருக்கும் வேலை 9 மணி நேரம்தான். ஆறு நாளுக்கு 54, சட்டத்தின் விளிம்புக்குள். ஓவர்டைம் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும். முக்கியமாக, மாலை 6 முதல் 9 வரை ஒன்பது பேருமே தளத்தில் இருப்பார்கள். வார விடுமுறையைத் திங்கள் முதல் புதன் வரை மூன்று மூன்று பேராகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். காலை 8 மணிக்குத் திறக்கும் நாட்களில் முதல் அணியின் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அது பெண்களுக்கு வசதி.

பெண் ஊழியர்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது, பிறகு அது நீட்டிக்கப்பட்டது. அதே ஆணையில் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலையில் வைக்க அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம், பாதுகாப்பு, போக்குவரத்து வசதி எல்லாம் நிபந்தனைகளாக உள்ளன. இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு ‘பார்த்துப் போம்மா’ என்று சொல்வது போக்குவரத்து வசதி ஆகாது. ஆட்டோவுக்கான பணத்தைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். 2021-இல் வந்த திருத்தத்தின்படி ஊழியர்கள் உட்கார இருக்கை வைப்பதும் கட்டாயம். பண்டிகைக் கூட்டத்தில் இடத்தை அடைக்கிறது என்று ஸ்டூலை மாடிக்கு ஏற்றிவிடும் கடைகள் இருக்கின்றன. அதைச் செய்யாதீர்கள்.

விற்கத் தெரிந்த ஆள், அல்லது மடிக்கத் தெரிந்த ஆள்

முதல் மூன்று வாரம் நள்ளிரவு வரை திறக்காததால் மிஞ்சுவது, இரவுக்கு 3,000 வீதம் 22 இரவுக்கு 66,000 ரூபாய். அதை எங்கே போடலாம் என்று பார்ப்போம்.

கடையின் உச்ச நாளில் 5 லட்சம் விற்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ஒரு பில் 1,200 ரூபாய் என்றால், குடும்பத்தோடு வரும் பண்டிகை பில் 2,400 ஆகும். அப்படியென்றால் அன்று 210 பில் போல. அதில் பாதி மாலை 5 முதல் 9 மணிக்குள் விழும்: மணிக்கு 26 பில். ஒரு பில்லுக்கு ஆறு உருப்படியை ஸ்கேன் செய்து, பணம் வாங்கி அல்லது யுபிஐ சத்தம் வரும் வரை காத்திருந்து, பில் கிழித்துக் கொடுக்க மூன்று நிமிடம் ஆகும். ஒரு கவுண்டரில் மணிக்கு 20 பில்தான் போகும். மணிக்கு ஆறு குடும்பம் வரிசையில் தேங்கும். நாலு மணி நேரத்தில் 24. அதில் சிலர் எடுத்த துணியை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். ஆக முதல் செலவு இரண்டாவது பில்லிங் கவுண்டர். கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கலாம். கல்லாவில் உட்கார வெளியாள் வேண்டாம், வீட்டு ஆள் ஒருவர் போதும். இது செய்யாமல் தளத்தில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் வரிசைதான் நீளும்.

அடுத்தது தளம். மணிக்கு 26 குடும்பம். ஒரு குடும்பம் புடவை, சட்டை, குழந்தைகள் உடை என்று எல்லாப் பிரிவையும் சுற்றினால், சேல்ஸ்மேனின் நேரம் மொத்தம் 45 நிமிடம் பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு விற்பதே அல்ல, விரித்ததை மடிப்பதும் இடத்தில் வைப்பதும்தான். இரண்டு புடவை விற்கப் பதினைந்து புடவையை விரிக்க வேண்டியிருக்கிறது. மடிக்க வேறு ஆள் இருந்தால் அந்த 45 நிமிடம் 30 ஆகும். 26 குடும்பத்துக்கு 780 நிமிடம், அதாவது ஒரே நேரத்தில் 13 குடும்பத்தைக் கவனிக்க வேண்டும். பழகிய சேல்ஸ்மேன் கூட்டத்தில் ஒரே சமயம் இரண்டு குடும்பத்தைப் பார்ப்பார். ஒருவர் யோசிக்கும்போது இன்னொருவருக்கு எடுத்துக் காட்டுவார். அதற்கு அவர் முன்னால் மேஜை காலியாக இருக்க வேண்டும். ஏழு பேர், ஆளுக்கு இரண்டு: பதினான்கு. இருக்கிற ஆட்களே போதும், மடிக்க ஆள் இருந்தால்.

அதனால் அனுபவமுள்ள சேல்ஸ்மேன் மூன்று பேரை நாளுக்கு 900 கொடுத்துக் கூட்டிவருவதைவிட, ஆறு உதவியாளர்களை 500 சம்பளம், 100 சாப்பாட்டுக்கு என்று எடுப்பது மேல். வெளியூர் சேல்ஸ்மேனுக்குப் பேச்சு வரும், ஆனால் நம் கடையில் எந்த ரேக்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பண்டிகை வாரத்தில் பேச்சைவிட அதுதான் தேவை. பட்டுப் பிரிவு பெரிதாக இருக்கும் கடைக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே ஜரிகை பார்த்து விளக்கத் தெரிந்த ஒருவரைக் கூடுதலாக எடுப்பது வீண்போகாது.

உதவியாளர்களை எப்போது எடுப்பது என்பதில் இரண்டு வழக்கம் இருக்கிறது. கூட்டம் வந்த பிறகு எடுப்பது ஒன்று. கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்னால் எடுப்பது இன்னொன்று. முதலாவதில் சம்பளம் மிச்சம், ஆனால் அந்த ஆள் கூட்டத்தின் நடுவில் வழி கேட்டுக்கொண்டிருப்பார். அக்டோபர் 26, திங்கட்கிழமை சேர்த்தால், நவம்பர் 7 வரை ஒரு விடுமுறை போக 12 நாள் சம்பளம். ஆறு பேருக்கு 43,200 ரூபாய். நள்ளிரவுக்கு எரிய இருந்த 66,000-இல் இது அடங்கிவிடுகிறது, இரண்டாவது கவுண்டருக்கும் மிச்சம் இருக்கிறது. முதல் நாலைந்து நாள் கூட்டம் இருக்காது. அந்த நாட்களில் டேக் ஒட்டவும், ரேக் பழகவும், மடிக்கவும் கற்றுக்கொடுக்கலாம். சட்டையை அதன் பழைய மடிப்பிலேயே, அட்டையும் கிளிப்பும் வைத்து மடிக்கத் தெரியாவிட்டால் நல்ல சரக்கும் பழைய சரக்கு மாதிரி தெரியும்.

இவர்களை ஊருக்குள்ளிருந்தே எடுங்கள். கிராமத்திலிருந்து வரும் பையன் எட்டரைக்கே பஸ் நேரம் பார்க்க ஆரம்பிப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. வயது 18 நிரம்பியவர்களாக இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்துவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது, அது தவறு.

எல்லாம் ஆயுத பூஜைக்கு முன்பே, அல்லது இரண்டு தடவையாக

சரக்குக்கு வருவோம். மாதிரிக் கடை 46 லட்சம் விற்க, அடக்க விலையில் சுமார் 36 லட்சத்துக்குச் சரக்கு வேண்டும். ஆடித் தள்ளுபடி முடிந்து ரேக்கில் இருப்பதில் 11 லட்சம் போகும் என்று வைத்தால், புதிதாக வாங்க வேண்டியது 25 லட்சம்.

அதை முழுக்க முன்கூட்டியே இறக்கிவிடலாம். 2026-இல் ஆயுத பூஜை அக்டோபர் 19. அதற்குள் எல்லாம் கடைக்குள் இருந்தால், முதல் வாடிக்கையாளருக்கே முழு ரகமும் காட்டலாம், லாரி தாமதம் பற்றிய கவலை இல்லை. இன்னொரு வழி, ஒரு பங்கை நிறுத்தி வைத்து, எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அதையே திரும்ப வாங்குவது. கேட்டால் இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் எல்லாச் சரக்குக்கும் ஒரே பதில் கிடையாது. தவறு நடப்பது இங்கேதான்: ஒன்று, எல்லாவற்றையும் முன்னால் வாங்கிவிட்டுக் கை கட்டி உட்காருகிறார்கள், இல்லாவிட்டால், எதையும் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் கடைசி வாரத்தில் திருப்பூருக்கு ஓடுகிறார்கள்.

சைஸ் உள்ள சரக்கையும் சைஸ் இல்லாத சரக்கையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். குழந்தைகள் உடையும் ஆண்கள் சட்டை, பேன்ட்டும் சைஸ் செட்டாக வருபவை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மொத்த விற்பனைக் கடையில் போய்க் கேட்டால், டிசைன் இருக்கும், செட் இருக்காது. நடு சைஸ் எல்லாம் போய், ஓரத்து சைஸ்கள் மட்டும் கட்டாகக் கிடக்கும். திருப்பூர் காதர்பேட்டையில் கடைசி வாரம் சுற்றியவர்களுக்கு இது தெரியும். தொழிலாளர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய பிறகு புதிதாகத் தைத்துத் தரவும் ஆள் இல்லை. பார்சல் ஆபீஸில் மூட்டை மலைபோலக் குவிந்து, நேற்றுப் போட்டது எந்த லாரியில் ஏறியது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

ஆகவே சைஸ் சரக்கை முன்பே, அதுவும் ஆழமாக வாங்க வேண்டும். ஒரே பணத்தில் நாற்பது டிசைனை ஒவ்வொரு செட் வாங்கலாம். இருபது டிசைனை இரண்டிரண்டு செட்டாகவும் வாங்கலாம். நாற்பது டிசைன் ரேக்கில் அழகாக இருக்கும், ஆனால் முதல் வாரத்திலேயே சைஸ் உடைந்துவிடும். நம் ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே டிசைனில் எடுப்பது வழக்கம்; அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரிக் கவுன். ஒரு சைஸ் இல்லையென்றால் இரண்டு உருப்படியும் விற்காது. குழந்தைகள் பிரிவில் டிசைன் குறைவாக, செட் கூடுதலாக இருப்பதுதான் லாபம்.

புடவையிலும் இதே பிரிப்பு உண்டு, காரணம் மட்டும் வேறு. சூரத்திலிருந்து வரும் புடவைகள் தூரத்துச் சரக்கு. விற்றுப்போனால் அதே டிசைனைப் பண்டிகைக்குள் மறுபடி வரவழைக்க நேரம் இருக்காது. அவற்றை அக்டோபர் முதல் வாரத்துக்குள் இறக்கி முடித்துவிட வேண்டும். இளம்பிள்ளை, ஈரோடு புடவைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நைட்டி, லுங்கி, துண்டு, வேட்டி, உள்பாவாடை எல்லாம் ஈரோட்டில் வாரச் சந்தையிலேயே கிடைக்கும். ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் நடப்பது. 2026-இல் தீபாவளிக்கு முன் நமக்குப் பயன்படும் சந்தை இரண்டு: அக்டோபர் 26-27, நவம்பர் 2-3.

இந்த இரண்டு சந்தையைச் சுற்றித்தான் இரண்டாவது கொள்முதலை வைக்க வேண்டும். அக்டோபர் 25, ஞாயிறு இரவு கடை மூடியதும், எந்த ரகம் வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது என்று பாருங்கள். பெரும்கூட்டம் வருவதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்கு போனது, கூட்டம் வந்ததும் இரண்டே நாளில் தீரும். அதைத் திங்கள் இரவு சந்தையில் தேடி வாங்குங்கள். நவம்பர் 2-3 சந்தையில், சம்பளத்துக்குப் பிந்தைய ஞாயிறு எதைக் காலி செய்ததோ அதை மட்டும் வாங்கிச் சொந்த வண்டியில் ஏற்றி வந்துவிட வேண்டும். பார்சலில் போட வேண்டாம். செவ்வாய் இரவு வந்தால் புதன் காலை டேக் ஒட்டி, நாலு நாள் விற்க நேரம் இருக்கிறது. புதிய ரகத்தை அந்த இரண்டாவது சந்தையில் பரிசோதித்துப் பார்க்கக் கூடாது.

எண்ணில் சொன்னால், 25 லட்சத்தில் ரெடிமேடு 12 லட்சம், புடவை 8 லட்சம், மற்றவை 5 லட்சம். ரெடிமேடில் பத்தரை லட்சத்தை முன்பே இறக்கிவிட்டு, உடைந்த சைஸை நிரப்ப ஒன்றரை லட்சம் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அக்டோபர் 28 வரை மட்டும். புடவையில் ஐந்தரை முன்னால், இரண்டரை பின்னால். மற்றவற்றில் இரண்டு முன்னால், மூன்று பின்னால். மொத்தத்தில் 18 லட்சம் முதல் தவணை, 7 லட்சம் இரண்டாவது.

முதல் தவணையும் ஒரே வாரத்தில் வந்து இறங்கக் கூடாது. 18 லட்சம் என்பது, உருப்படி சராசரியாக 350 ரூபாய் என்றால், சுமார் 5,100 உருப்படி. பண்டலைப் பிரித்து, இன்வாய்ஸோடு எண்ணி, கறையும் கிழிசலும் பார்த்து, கணினியில் ஏற்றி, டேக் ஒட்ட உருப்படிக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 85 மணி நேரம். இரண்டு பேர் நாளுக்கு ஆறு மணி நேரம் இதே வேலையாக இருந்தால் ஒரு வாரம் ஆகிறது. அவர்கள் வியாபாரத்தையும் பார்க்க வேண்டியவர்கள், எனவே இரண்டு வாரம் பிடிக்கும். செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் 18 வரை மூன்று நான்கு லாட்டாக வரும்படி சப்ளையரிடம் தேதி பேசிவிடுங்கள். எல்லாம் ஒன்றாக வந்தால் மாடியில் மூட்டையாகக் கிடக்கும். கீழே ‘அது தீர்ந்துபோச்சு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் அதே டிசைன் மேலே கட்டுப் பிரிக்காமல் இருக்கும். எண்ணிக்கைக் குறைவையும் டேமேஜையும் வந்த இரண்டு மூன்று நாளுக்குள் சொன்னால்தான் சப்ளையர் ஏற்பார். பண்டிகை முடிந்து சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் இரண்டாம் பாதியில் தொடங்கிவிடும். மூட்டைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி. மழை பெய்த மாலை வியாபாரம் படுத்துவிடும். அந்த விற்பனை பெரும்பாலும் அழியாது, மறுநாளுக்குத் தள்ளிப்போகும். மறுநாள் கூட்டம் இரட்டிக்கும். அதனால் மழை நாளில் உதவியாளர்களைப் பாதிநாளில் அனுப்பிச் சம்பளம் பிடிக்காதீர்கள். ரேக்கை ஒழுங்குபடுத்த அந்த மாலைதான் கிடைக்கும்.

ரொக்கத் தள்ளுபடி, அல்லது கடன் தவணை

இரண்டாவது கொள்முதலுக்கான 7 லட்சம் கையில் இருந்தால்தான் மேலே சொன்னது நடக்கும். இங்கே இன்னொரு தேர்வு வருகிறது. ரொக்கமாகக் கொடுத்தால் 3 சதவீதம் தள்ளுபடி என்று சப்ளையர் சொல்வார். 5 லட்சத்துக்கு 15,000 மிச்சம், ஆசையாகத்தான் இருக்கும். அதே 5 லட்சத்தைக் கையில் வைத்து நவம்பர் முதல் வாரத்தில் ஓடுகிற சரக்கு வாங்கினால், 22 சதவீத லாபத்தில் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு விற்கும். லாபம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஓடுகிறது என்று ஏற்கனவே தெரிந்த சரக்கு என்பதால் தேங்கும் பயமும் குறைவு. தள்ளுபடியை விட்டுவிட்டுக் கடனில் வாங்குவதே இங்கே சரி.

ஆனால் 30 நாள் கடன் என்று வாயில் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. செப்டம்பர் 30 சரக்குக்கு 30 நாள் என்றால் அக்டோபர் 30. அதாவது பெரிய விற்பனை தொடங்குவதற்கு முந்தைய நாள் செக் பாஸாக வேண்டும்! இத்தனை நாள் என்று பேசாமல், நவம்பர் 12 என்று தேதியைப் பேசி வாங்குங்கள். பழைய சப்ளையர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தீபாவளி முடிந்தால் கல்லா நிறையும் என்பது அவர்களுக்கும் தெரியும். தேதி தர மறுப்பவரிடம் மட்டும் குறைவாக வாங்கினால் போதும்.

போக்குவரத்துச் சீட்டு விஷயத்தில் சுருக்கமாக ஒன்று: தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், வெளிமாநிலத்திலிருந்து 50,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். சொந்த வண்டியில் ஈரோட்டிலிருந்து திரும்பும்போதும் இது பொருந்தும். சந்தையில் ராத்திரி பில் போடும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாற்றிக் கொடுக்கும் விஷயம். சைஸ் சரியில்லை என்று நவம்பர் 6, 7 தேதிகளில் திரும்ப வருபவர்களை அதே பில்லிங் வரிசையில் விட்டால் இரண்டு கவுண்டரும் அடைத்துக்கொள்ளும். பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஆளை இதற்கென்றே நிறுத்தி, அதே விலையில் வேறு சைஸ் என்றால் பில்லில் கையெழுத்துப் போட்டு அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடலாம். விலை வித்தியாசம் வருகிற மாற்றங்களுக்கு நவம்பர் 10 முதல் 14 வரை, காலை 10 முதல் 1 மணி வரை என்று பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். அந்த வாரம் கடை காலியாகத்தான் இருக்கும். மாற்ற வருபவர்களில் சிலர் கார்த்திகைக்கும் சபரிமலை மாலைக்கும் கறுப்பு வேட்டி, துண்டு கேட்பார்கள், அதை முன்வரிசையில் எடுத்து வைக்கலாம்.